தமிழ்ப் பெயரைக் கத்தகானாவில் எழுதுவது: நெடிலுக்கு ஒரு கோடு, ழகரத்துக்கு என்ன வழி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அயல்நாட்டுப் பெயர்களையும் சொற்களையும் எழுத ஜப்பானியர் பயன்படுத்தும் எழுத்துதான் கத்தகானா. ஜப்பானுக்குப் படிக்கவோ வேலைக்கோ செல்லும் நம்மவர்கள் அதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன். முதலிலிருந்து படித்து வந்தால் பின்னால் வரும் சிக்கலான பதில்கள் எளிதாகப் புரியும்.

பாஸ்போர்ட்டில் என் பெயர் ஆங்கிலத்தில் தெளிவாக இருக்கிறது. அதைப் பார்த்து அவர்களே கத்தகானாவில் எழுதிக்கொள்ள மாட்டார்களா?

எழுதிக்கொள்வார்கள். சிக்கல் தொடங்குவதே அங்கேதான். ஆங்கில எழுத்தில் நம் பெயரின் பாதி ஒலி ஏற்கெனவே தொலைந்துவிட்டது. `a` என்பது அகரமா ஆகாரமா, `e` என்பது எகரமா ஏகாரமா என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஜப்பானியர் அதைத் தாம் பள்ளியில் கற்ற ஆங்கிலத்தின்படி வாசிப்பார்கள். `th` என்றால் அவர்களுக்கு ஸகர வரிசை. `zh` என்றால் ஜகரம்.

ஜப்பானில் தரப்படும் வசிப்பிட அட்டையில் வெளிநாட்டவர் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி ரோமன் எழுத்தில்தான் அச்சாகிறது. கத்தகானா தேவைப்படுவது வங்கிக் கணக்கு, தொலைபேசி இணைப்பு, பள்ளி, மருத்துவமனை போன்ற இடங்களின் படிவங்களில். அங்கே பெயரின் ஒலியை எழுத フリガナ (ஃபுரிகானா) என்றொரு கட்டம் இருக்கும். அதை நீங்களே நிரப்புங்கள். தமிழில் பெயரை உரக்கச் சொல்லி, அந்த ஒலியிலிருந்து எழுதுங்கள். ஆங்கில எழுத்தை மறந்துவிடுவது நல்லது.

ஜப்பான் மொழியில் குறில், நெடில் வேறுபாடு உண்டா? எப்படிக் காட்டுவது?

உண்டு, அதுவும் தமிழில் இருப்பது போலவே. அ, இ, உ, எ, ஒ என்ற ஐந்து குறில்களும் ア, イ, ウ, エ, オ. நெடில் வேண்டுமென்றால் பக்கத்தில் ー என்ற கோட்டை இடுகிறோம். க என்பது カ, கா என்பது カー. கு என்பது ク, கூ என்பது クー. ஐந்துக்கும் இந்த ஒரே கோடுதான். மேலிருந்து கீழாக எழுதும்போது கோடும் செங்குத்தாக நிற்கும். ஐகாரத்துக்கு アイ, ஔகாரத்துக்கு アウ. ஆகவே தாமரை என்ற பெயர் ターマライ.

இந்திய மொழிகள் பலவற்றில் எ, ஒ குறில்கள் கிடையாது; ஆங்கிலத்தில் நெடிலைக் காட்ட உறுதியான வழி கிடையாது. கத்தகானாவிலோ நம்முடைய பத்து உயிர்களுக்கும் சரியான இடம் இருக்கிறது. கிடைத்த இந்தப் பொருத்தத்தை வீணாக்க வேண்டாம் என்பதுதான் என் முதல் வேண்டுகோள்.

ஒரு கோடு விட்டுப்போனால் என்ன பெரிய வித்தியாசம் வந்துவிடும்?

நம் காதுக்குக் கல்லும் காலும் ஒன்றா? அவர்களுக்கும் அப்படித்தான். ビル (பிரு) என்றால் கட்டடம், ビール (பீரு) என்றால் பீர். கோடு அலங்காரம் அன்று. அது ஒரு முழு அளவு. ஜப்பானியர் சொற்களை ‘ஹக்கு’ என்ற அளவால் எண்ணுகிறார்கள். நம் மாத்திரையின் உறவுக்காரன் என்று கொள்ளலாம். குறில் ஒன்று, நெடில் இரண்டு என்பது இரண்டு மொழிக்கும் பொது. மெய்யெழுத்தில் மட்டும் பிரிகிறோம்: நமக்கு மெய் அரை மாத்திரை, அவர்களுடைய ン (ன்) என்பதும் இரட்டிப்பைக் காட்டும் சிறிய ッ என்பதும் முழுதாக ஒவ்வொன்று.

ஆகவே கோட்டை விட்டால் உங்கள் பெயரில் ஓர் அளவு குறைந்துவிடும். ஒலியின் தன்மை சற்றுப் பிசகினால் ஜப்பானியக் காது பொறுத்துக்கொள்ளும். நீளம் பிசகினால் வேறு சொல்லாகக் கேட்கும்.

இந்திய மொழிகள் தெரிந்த ஜப்பானிய நண்பர் ஒருவர், எகரம் ஒகரம் வந்தால் எப்போதும் கோடு போட வேண்டும் என்கிறார். சரியா?

அவர் சமஸ்கிருதமோ இந்தியோ கற்றவராக இருப்பார். அந்த மொழிகளில் எ, ஒ ஒலிகள் இயல்பாகவே நெடில் என்பதால், அவற்றைக் கத்தகானாவில் எழுதும் அறிஞர்கள் கோட்டைத் தவறாமல் இடுகிறார்கள். அந்தப் பழக்கம் தமிழுக்குப் பொருந்தாது. செந்தில் என்பது センディル. அதை セーンディル என்று எழுதினால் ‘சேந்தில்’ ஆகிவிடும். சேரன் என்பது チェーラン அல்லது セーラン; இங்கே கோடு கட்டாயம். சேர நாட்டு மரபை ஜப்பானிய வரலாற்று நூல்கள் チェーラ என்றே நெடிலோடு எழுதுகின்றன.

இதன் மறுபக்கமும் உண்டு. ஏகாரத்தை ケイ, セイ என்று இகரம் சேர்த்து நீட்டலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். சேகர் என்பதற்கு セーカル. セイカル என்று எழுதினால் நிதானமாக வாசிப்பவர் ‘செய்கர்’ என்றே சொல்வார்.

பெயரின் கடைசியில் வரும் ‘ஆ’வுக்கும் கோடு வேண்டுமா? கமலா, லதா போல.

தமிழ் எழுத்தின்படி வேண்டும்: カマラー, ラター. ஆனால் செய்தித்தாள்களில் கமலா ஹாரிஸ் என்ற பெயர் カマラ என்று குறிலோடுதான் வருகிறது, ஆங்கில வழியாக வந்ததால். பேச்சில் இறுதி ஆகாரம் சற்றுக் குறுகுவதும் உண்மை. கத்தகானாவில் நெடிலைத் தளர்த்தலாம் என்று நான் ஒப்புக்கொள்ளும் இடம் இது ஒன்றுதான். வீட்டில் உங்களை எப்படிக் கூப்பிடுகிறார்களோ அதைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

ட, ண, ள, ழ, ற இவற்றுக்கு என்ன எழுத்து?

தனி எழுத்து எதுவும் இல்லை. நாவை மடக்கி எழுப்பும் ஒலி ஜப்பான் மொழியில் பொருளை வேறுபடுத்துவதே இல்லை. ஆகவே ட என்பது தகர வரிசையான タ, ダ பக்கம் போய்ச் சேரும். ண, ன, ந மூன்றும் ナ வரிசை. மெய்யாக வந்தால் ン. ர, ற, ல, ள, ழ ஐந்தும் ラ வரிசையில் ஒன்றாகிவிடும். மெய்யாக வந்தால் ル. மணி என்பது マニ, வேலன் என்பது ヴェーラン, வள்ளுவர் என்பது ヴァッルヴァル.

முதலில் கேட்கும்போது எனக்கும் இது வலித்தது. ஆனால் மேலே சொன்னதை நினைத்துப் பாருங்கள்: நீளத்தை அவர்கள் காது பிடிக்கிறது, நாமடியை அவர்கள் காது பிடிப்பதில்லை. பிடிக்கும் ஒன்றைக் காப்பாற்றுவதில் உறுதியாக இருக்க வேண்டும். பிடிக்காத ஒன்றுக்காகப் பெயரைச் சிதைக்கக் கூடாது. மற்ற பதில்கள் எல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன.

அப்படியென்றால் வாலி, வாளி, வாழி மூன்றும் ஒன்றாகிவிடுமே! புள்ளியோ சிறிய எழுத்தோ வைத்து வேறுபடுத்த முடியாதா?

மூன்றும் ヴァーリ தான். ஜப்பானின் வடக்கே வாழும் ஐனு மக்களின் மொழியை எழுதுவதற்கென்று ㇽ போன்ற சிறிய கத்தகானா எழுத்துகள் உண்டு, ஒருங்குறியிலும் இருக்கின்றன. ழகரத்துக்கு அவற்றைப் பயன்படுத்தலாமே என்று சிலருக்கு ஆசை வருகிறது. உங்கள் சொந்தக் குறிப்பேட்டில் தாராளமாகச் செய்யுங்கள். படிவத்தில் வேண்டாம். வங்கிக் கணினிகள் அந்த எழுத்தை ஏற்பதில்லை, பெரும்பாலான ஜப்பானியர் அதைப் பார்த்ததே இல்லை, வாசிக்கவும் தெரியாது. வாசிக்க முடியாத குறி உங்கள் ழகரத்தைக் காப்பாற்றாது.

என் பெயர் கயல்விழி. அலுவலகத்தில் カヤルヴィジ என்று அட்டை அடித்துவிட்டார்கள். இது எங்கிருந்து வந்தது?

ஆங்கிலத்தில் `zh` என்று எழுதும் பழக்கத்திலிருந்து. ழகரத்துக்கு நாம் வைத்துக்கொண்ட அடையாளம் அது. தமிழ் தெரியாதவருக்கு அது ஜகரம் அல்லது ஸகரம். சரியான வடிவம் カヤルヴィリ. ラ வரிசை ழகரத்துக்குப் பொருத்தமானது என்பதற்கு வலுவான சான்று ஜப்பானிலேயே இருக்கிறது: நம் மொழியின் பெயரை அவர்கள் タミル என்கிறார்கள், சோழ மரபை チョーラ என்கிறார்கள். இரண்டிலும் ழகரம் நிற்கும் இடத்தில் ル, ラ. யாராவது தயங்கினால் இந்த இரண்டையும் காட்டுங்கள். அதற்கு மேல் வாதம் தேவைப்படாது.

ட சில இடத்தில் டகரமாக அழுத்தியும் சில இடத்தில் மென்மையாகவும் ஒலிக்கிறது. எதை எழுதுவது?

தமிழில் ஒரே எழுத்து இடத்துக்கேற்ப ஒலி மாறும். கத்தகானாவிலோ வல்லொலிக்கும் மெல்லொலிக்கும் வேறு வடிவம். タ மேல் இரண்டு சிறு கோடுகள் இட்டால் ダ. ஆகவே காதுக்குக் கேட்பதை எழுதுங்கள். இரண்டு உயிர்களுக்கு நடுவிலும் ‘ண்’ பின்னும் வரும் ட மென்மையாக ஒலிப்பதால் ダ, ディ, ドゥ. இரட்டித்த ட்ட வன்மையானது. அதற்குச் சிறிய ッ இட்டு ッタ, ッティ, ットゥ. க, ப, த எழுத்துகளுக்கும் இதே கணக்கு: முருகன் ムルガン, அன்பு アンブ.

டி, டு இரண்டிலும் கவனம் தேவை. பழைய தகர வரிசையில் அந்த இடங்களில் இருப்பவை チ (சி போன்ற ஒலி), ツ (த்ஸு). அவற்றை எழுதினால் பெயர் மாறிவிடும். சிறிய உயிரெழுத்தைச் சேர்த்து ティ, ディ, トゥ, ドゥ என்று எழுதுவதுதான் வழி. அயற்சொற்களை எழுதுவது பற்றி 1991-இல் ஜப்பானிய அமைச்சரவை வெளியிட்ட அறிவிப்பில் ティ, ディ முதல் அட்டவணையிலும், トゥ, ドゥ இரண்டாம் அட்டவணையிலும் இருக்கின்றன. ஆகவே நெடுஞ்செழியன் என்ற பெயரை ネドゥンジェリヤン என்று தயங்காமல் எழுதலாம். சொல்லப்போனால், தனி ஆட்கள் தம் பெயரை எழுதும் முறையைத் தாங்கள் கட்டுப்படுத்த முற்படவில்லை என்று அந்த அறிவிப்பே தொடக்கத்தில் சொல்கிறது.

வெற்றி, தென்றல் போன்ற பெயர்களில் உள்ள ற?

தனியாக வந்தால் ラ வரிசை என்று முன்பே சொன்னேன். இரட்டித்தால் உள்ளே ஒரு டகரச் சாயல் கேட்கிறதல்லவா, அதை ト கொண்டு காட்டுங்கள்: வெற்றி ヴェトリ. ‘ன்ற’ வரும்போது ド: தென்றல் テンドラル. ヴェッリ, テンラル என்று எழுத்தைப் பார்த்து எழுதினால் முதலாவது ‘வெள்ளி’யாகிவிடும்.

வள்ளி, முத்து: இரட்டிப்பை விட்டுவிட்டால் என்ன?

ッ ஒரு முழு அளவு என்று மேலே பார்த்தோம், ஆகவே விடக் கூடாது. முத்து என்பது ムットゥ, வள்ளி என்பது ヴァッリ. ラ வரிசைக்கு முன்னால் ッ வருவது ஜப்பானியச் சொற்களில் வழக்கமில்லை. இருந்தாலும் பல்லவ மரபை வரலாற்று நூல்கள் パッラヴァ என்றே எழுதுகின்றன. மூக்கொலிகள் இரட்டித்தால் ッ வேண்டாம், ン போதும்: கண்ணன் カンナン.

1998-இல் ஜப்பானில் வெளியாகிப் பெரும் வெற்றி பெற்ற ‘முத்து’ படத்தின் பெயர் அங்கே ムトゥ. ஆங்கில எழுத்தில் தகரம் இரட்டிக்காததால் ッ விழுந்துவிட்டது. அதனாலேயே முத்து என்ற பெயருடையவர்களிடம் ‘ムトゥ தானே சரி?’ என்று ஜப்பானியர் கேட்பதுண்டு. விருப்பம் உங்களுடையது, ஒலியைக் கேட்டால் ムットゥ தான்.

கணிதமேதை இராமானுஜனை ラマヌジャン என்கிறார்கள். எங்கே போயின நெடில்கள்? நானும் அப்படியே எழுத வேண்டுமா?

வேண்டாம். அந்தப் பெயர் ஆங்கில நூல்களின் வழியாகப் போய்ச் சேர்ந்தது. ரா, மா இரண்டின் நீளமும் வழியில் விழுந்துவிட்டன. அதே சமயம் வைணவ ஆசாரியர் இராமானுஜரை ஜப்பானிய அறிஞர்கள் ラーマーヌジャ என்று இரு கோடுகளோடு எழுதுகிறார்கள், ஏனென்றால் அவர்கள் மூல நூல்களிலிருந்து எழுதினார்கள். ஒரே பெயர், இரண்டு வழி, இரண்டு வடிவம்.

இன்னும் விசித்திரமானது வானியற்பியலாளர் சந்திரசேகரின் பெயர்: チャンドラセカール. நாம் நீட்டும் ‘சே’ குறுகிவிட்டது, நாம் குறுக்கும் ‘கர்’ நீண்டுவிட்டது. ஆங்கிலச் சொல்லின் இறுதியில் `ar` கண்டால் நீட்டும் பழக்கத்தின் விளைவு இது. குமார் என்ற பெயர் クマール என்று சரியாக அமைவது அதே பழக்கத்தால் வந்த நல்வாய்ப்பு. புகழ்பெற்றவர்களின் பெயர் நிலைத்துவிட்டது, மாற்ற முடியாது. உங்கள் பெயர் இன்னும் நிலைக்கவில்லை.

ஒரு முழுப் பெயரை எடுத்து, படிப்படியாக எழுதிக் காட்ட முடியுமா?

தேன்மொழி பாண்டியன் என்று வைத்துக்கொள்வோம். பாஸ்போர்ட்டில் `THENMOZHI PANDIAN`. அதை மட்டும் பார்ப்பவர் センモジ・パンディアン அல்லது テンモジ・パンディアン என்று எழுதுவார்.

இனித் தமிழிலிருந்து வருவோம். ‘தே’ நெடில், ஆகவே テー. ‘ன்’ என்பது ン. நெடிலை அடுத்து ン வருவது ஜப்பானியக் காதுக்குச் சற்றுக் கனமானது, அதனால் கோட்டை விட்டுவிடச் சொல்வார்கள்; விட வேண்டாம். ‘மொ’ குறில், モ. ‘ழி’ என்பது リ. சேர்த்தால் テーンモリ. நம் கணக்கில் நாலரை மாத்திரை, அவர்கள் கணக்கில் ஐந்து அளவு.

‘பா’ என்பது パー, ‘ண்’ என்பது ン. அதன் பின் வரும் ‘டி’ மென்மையானது, ஆகவே ディ. ‘ய’ என்பது ヤ. ஆங்கில எழுத்துதான் அதை ア ஆக்கியது. கடைசியில் ン. パーンディヤン என்று வருகிறது. பாண்டிய மரபுக்கு ஜப்பானிய நூல்கள் எழுதும் パーンディヤ என்பதோடு இது அப்படியே ஒத்துப்போகிறது. இரு பெயருக்கும் நடுவில் ・ என்ற நடுப்புள்ளி: テーンモリ・パーンディヤン.

கணினியில் இவற்றை எப்படித் தட்டச்சு செய்வது?

ஜப்பானிய உள்ளீட்டு முறையைக் கத்தகானா நிலையில் வைத்து, ரோமன் எழுத்தில் இப்படித் தட்டலாம்:

```
te-nnmori     → テーンモリ
pa-nndhiyann  → パーンディヤン
muttwu        → ムットゥ
```

நெடிலுக்கு இணைகோட்டு விசை. ディ வேண்டுமென்றால் `dhi`, ティ-க்கு `thi`, ドゥ-க்கு `dwu`, トゥ-க்கு `twu`. ‘ஒன்று’ என்று பொருள்படும் 一 என்ற சீன எழுத்தும், சாதாரண இணைகோடும் பார்வைக்கு ー போலவே இருக்கும். அவற்றை இட்டுவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. கணினியில் தேடும்போது பெயர் கிடைக்காது. மேலிருந்து கீழாகும்படி எழுத்தைத் திருப்பிப் பாருங்கள்: 一 படுத்தே கிடக்கும், ー நிமிர்ந்து நிற்கும்.

வங்கி அட்டையில் ﾊﾟｰﾝﾃﾞｲﾔﾝ என்று வந்திருக்கிறது. சிறிய ィ பெரிதாகிவிட்டது. பிழையா?

பிழையில்லை. வங்கிகள் பெயரை அரை அகல எழுத்தில் வைக்கின்றன. பணம் அனுப்பும் முறையில் சிறிய எழுத்துகளைப் பெரிதாக்கி எழுதுவதுதான் வழக்கம். மேலே இடும் குறிகளும் தனித்தனி இடம் பிடிப்பதால், ஏழு எழுத்துள்ள パーンディヤン அங்கே ஒன்பது இடம் எடுத்துக்கொள்கிறது. நீளமான பெயர் உள்ளவர்கள் கட்டங்களை முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பது நல்லது.

ஏற்கெனவே テンモジ என்று கணக்கு திறந்துவிட்டேன். இப்போது மாற்றலாமா?

மாற்றினால் எல்லா இடத்திலும் மாற்றுங்கள். இல்லையென்றால் எங்கும் மாற்றாதீர்கள். உள்நாட்டுப் பணப்பரிமாற்றத்தில் கணக்கு வைத்திருப்பவரின் பெயர் கத்தகானாவில்தான் ஒப்பிடப்படுகிறது. வங்கியில் ஒரு வடிவம், அலுவலகச் சம்பளப் படிவத்தில் வேறு வடிவம் என்றால் பணம் திரும்பிப் போகக்கூடும். முதலில் வங்கியில் கேட்டு மாற்றுங்கள், அது உறுதியானதும் சம்பளப் பிரிவில், பிறகு தொலைபேசி, காப்பீடு. இடையில் ஒரு சம்பள நாள் வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் எழுதியது சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

உங்களைத் தெரியாத ஒரு ஜப்பானியரிடம் எழுத்தை மட்டும் காட்டி வாசிக்கச் சொல்லுங்கள். முன்பே பெயரைச் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் அவர் எழுத்தை விட்டுவிட்டு உங்களைப் பின்பற்றுவார். அவர் வாசிக்கும்போது விரல்விட்டு எண்ணுங்கள்: テーンモリ என்றால் ஐந்து, パーンディヤン என்றால் ஆறு. எண்ணிக்கை சரியாக வந்தால் கோடுகள் சரி. குறைந்தால் எந்த நெடில் விழுந்தது என்று அங்கேயே தெரியும். ‘பாண்டியன்’ என்பது அவர் வாயில் ‘பாந்தியன்’ என்றும், ‘மொழி’ என்பது ‘மொரி’ என்றும்தான் வரும். அது எழுத்தின் குறையன்று. அதைத் திருத்த கத்தகானாவைத் தொடாதீர்கள், நேரில் ஒருமுறை சொல்லிக் காட்டுங்கள்.